அணையாத ஏபிஎஸ் விளக்கு

காரின் சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சள் வட்டத்துக்குள் ABS என்ற எழுத்துகள் எரிந்து, சில நொடிகளில் அணைகின்றன. அந்த இடைவெளியில் ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் மின்சுற்றுகளைச் சோதித்துக்கொள்கிறது. விளக்கு அணையாமல் நின்றாலோ, அணைந்து சற்றுத் தூரம் ஓடியதும் மீண்டும் எரிந்தாலோ, பெட்டி ஏதோ ஒரு பழுதைக் கண்டு ஏபிஎஸ் வேலையை நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள். அப்போதும் வழக்கமான பிரேக் இருக்கும்; மிதித்தால் கார் நிற்கும். ஆனால் ஈரச் சாலையிலோ மணல் படிந்த வளைவிலோ அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரம் ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் போகாது, வழுக்கும் திசையிலேயே போகும். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம். அந்த நிலையில் காரை ஓட்டாமல் நிறுத்திவிடுவதே சரி.

மஞ்சள் விளக்கு மட்டும் எரியும் கார்களில் பெரும்பாலும் குற்றவாளி சக்கரத்தருகே இருக்கிறது. அங்கே கையடக்கமான இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பல் வளையம். பட்டறைகளில் இதை டோன் ரிங் என்பார்கள். மற்றொன்று, அதன் பற்களுக்கு எதிரே ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி விட்டு அசையாமல் நிற்கும் சென்சார். சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்க, ஒவ்வொரு கடப்பும் ஒரு மின்துடிப்பாகிறது. பெட்டி இந்தத் துடிப்புகளை எண்ணியே சக்கரத்தின் வேகத்தை அறிகிறது.

சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.83 மீட்டர் உருளும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று என்று கணக்கு வரும். வளையத்தில் 48 பற்கள் இருந்தால் நொடிக்கு 145 துடிப்புகள் வரை பெட்டிக்குப் போகும். நான்கு சக்கரங்களிலிருந்தும் வரும் எண்ணிக்கையை அது ஓயாமல் ஒப்பிடுகிறது. மூன்று சக்கரங்கள் 20 என்று சொல்லும்போது ஒன்று மட்டும் திடீரென்று 5 என்று சொன்னால், பிரேக் மிதிபட்டிருக்கும் நேரமாக இருந்தால், அந்தச் சக்கரம் பூட்டப்போகிறது என்று முடிவெடுத்து அதன் பிரேக் அழுத்தத்தைக் கணநேரம் தளர்த்துகிறது. இந்த ஏற்பாட்டின் அடித்தளமே துடிப்பின் நேர்மைதான். ஒரு பல்லிடுக்கில் அடைத்த மண் கூடப் பெட்டிக்குப் பொய்யான வேகத்தைச் சொல்லிவிடும்.

சென்சாரில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் சோதனையில் இறங்கினால் தவறான முடிவே கிடைக்கும். பழைய வகையில் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும். அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம்; பல் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் தானாகவே மாறுமின்னழுத்தம் எழுகிறது. வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும். வேகம் குறையக் குறைய அது மெலிந்து, மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே ஏறக்குறைய காணாமலே போகும். புதிய வகைக்குப் பெட்டியிலிருந்து மின்சாரம் போகிறது. அது துடிப்பை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாகச் சொல்கிறது. கீழ்நிலை 7 மில்லியாம்பியர், மேல்நிலை 14 மில்லியாம்பியர் என்பது பரவலான அளவு. சக்கரம் ஊர்ந்தாலும் இதற்குத் தெரியும். இந்த வகையில் பல கார்களில் பல் வளையமே கண்ணுக்குத் தெரியாது. சக்கர பேரிங்கின் ஒரு பக்கச் சீலுக்குள் வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றிய ஒரு வளையம் மறைந்திருக்கும். பார்வைக்கு அது சாதாரண ரப்பர் சீல் போலவே தெரியும்.

அழுக்கு இந்த இரண்டு வகையையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சுருள் வகைச் சென்சாரின் முனை காந்தமாக இருப்பதால், பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசித் தேயும் இரும்புத்தூள் அதில் தாடிபோல் ஒட்டிக்கொள்ளும். வளையத்தின் பல்லிடுக்குகளில் சேறும் துருச்சிதிலும் அடைத்துக்கொள்ளும். பல்லுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சென்சார் படிக்கிறது. பள்ளம் நிறைந்தால் வேறுபாடு குறைந்து மின்னழுத்தமும் தாழ்கிறது. வேகமாக ஓடும்போது மின்னழுத்தம் தாராளமாக இருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. மெதுவாகும்போதுதான் அழுக்கேறிய சக்கரம் மற்றவற்றுக்கு முன்பாக வாயடைத்துப்போகிறது.

இதிலிருந்து வரும் ஓர் அறிகுறியைப் பலர் பிரேக் பழுதென்றே நினைக்கிறார்கள். சிக்னலில் நிற்பதற்காக மெல்ல மிதித்துக்கொண்டு வரும்போது, கடைசி இரண்டு மூன்று மீட்டரில் பிரேக் மிதி காலடியில் குறுகுறுவென்று உதைக்கும். டர்ரென்று ஒரு சத்தமும் கேட்கும். சாலையோ காய்ந்து நன்றாகவே இருக்கும். நடப்பது இதுதான்: மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று சக்கரங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்க, அழுக்கேறிய ஒன்று சுழியம் என்கிறது. அது பூட்டிவிட்டதாக எண்ணி ஏபிஎஸ் அந்தப் பிரேக்கைத் தளர்த்துகிறது. நிற்க வேண்டிய இடம் தாண்டி கார் நகர்கிறது. விளக்கு எரியத் தொடங்குவதற்கு வாரக்கணக்கில் முன்னதாகவே இது தொடங்கிவிடலாம். விளக்கு எரிந்தபின் உதைப்பு நின்றுவிடும், ஏனென்றால் ஏபிஎஸ்ஸே ஓய்ந்துவிட்டது. உதைப்பு நின்றதால் கோளாறு தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

இந்தப் பழுது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2005-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அறிவித்த திரும்ப அழைப்பு ஒரு சான்று. 1999 முதல் 2002 வரையிலான மாடல் பிக்அப் டிரக்குகளும் பெரிய எஸ்யூவிகளும் அதில் அடங்கின. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகளுக்கே அந்த அழைப்பு. முன்சக்கர ஹப்பில் சென்சார் உட்காரும் பரப்பு துருப்பிடித்து, துரு தடித்து, சென்சாரை மெல்ல மேலே தூக்கிவிட்டது. வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி அதிகரித்ததால் துடிப்பு மெலிந்தது. மெதுவான வேகத்தில் நிற்கும்போது தேவையின்றி ஏபிஎஸ் வேலை செய்து, நிற்கும் தூரம் நீண்டது. இங்கே சென்சாரும் கெடவில்லை, பல்லும் கெடவில்லை. உட்காரும் இடம் மட்டுமே கெட்டது. அந்தப் பரப்பைச் சுத்தம் செய்து துருத்தடுப்புப் பூசுவதே பரிகாரத்தின் முக்கியப் பகுதியாக இருந்தது. நம் பக்கம் சாலையில் உப்புத் தூவுவதில்லை. ஆனால் கடலோரக் காற்றும் மழைநீர் தேங்கிய தெருக்களும் மெதுவாக இதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்கும் முறையில் முதல் துப்பு, விளக்கு எப்போது எரிகிறது என்பதே. கார் நின்ற நிலையில் சாவியைத் திருப்பியதும் எரிந்து அணையாமலே இருந்தால், பெட்டி ஏதோ ஒரு மின்சுற்று அறுந்திருப்பதை அல்லது உரசிக் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறது. அறுந்த ஒயர், பச்சை பூத்த கனெக்டர், எலி கடித்த இடம், எரிந்த பியூஸ், உள்ளே கம்பி அறுந்த சென்சார் ஆகியவை இந்த வகை. முதலில் அணைந்து, கார் நகர்ந்து 15, 20 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் எரிந்தால் மின்சுற்று முழுதாக இருக்கிறது, துடிப்புதான் சரியில்லை. அப்போது வளையம், இடைவெளி, அழுக்கு, பேரிங் ஆட்டம் ஆகிய பக்கம் பார்க்க வேண்டும். எல்லாக் கார்களிலும் இந்தப் பிரிவு கச்சிதமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. என்றாலும் சோதனையை எங்கே தொடங்குவது என்பதை இது பெரும்பாலும் சரியாகவே காட்டும்.

அடுத்தது ஸ்கேனர். இஞ்சின் கோளாறுகளை மட்டும் படிக்கும் மலிவான கருவிகள் இதற்கு உதவா. ஏபிஎஸ் பெட்டியோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். அதில் C என்ற எழுத்தில் தொடங்கும் எண் வரும். பல கார்களில் C0035 இடது முன்சக்கரம், C0040 வலது முன்சக்கரம். மற்ற நிறுவனங்கள் வேறு எண்களும் வைத்திருப்பதால் அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். இந்த எண்ணைப் படித்ததும் அந்தச் சக்கரத்துக்குப் புதுச் சென்சார் வாங்கி மாட்டுவது பரவலான வழக்கம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். எண் சொல்வது அந்தச் சக்கரத்திலிருந்து வரும் செய்தி சரியில்லை என்பதை மட்டுமே. செய்தி போகும் வழியில் சென்சார் ஒரு கண்ணி. வளையம், இடைவெளி, ஒயர், கனெக்டர் ஆகியவையும் கண்ணிகளே.

பட்டறையில் அடிக்கடி வரும் ஒரு நிலையை முழுதாகப் பார்க்கலாம். முன்சக்கரம் இழுக்கும் பத்தாண்டுப் பழைய சிறிய கார். முன்பக்கம் சுருள் வகைச் சென்சார். டிரைவ் ஷாஃப்டின் வெளிமூட்டில் 48 பல் வளையம். சிக்னலில் நிற்கும்போது சில நாள்கள் மிதி உதைத்தது, பிறகு விளக்கு எரிந்தது. ஓரிடத்தில் வலது முன் சென்சாரை மாற்றியும் இரண்டு நாளில் விளக்கு திரும்பிவிட்டது. ஸ்கேனரில் மீண்டும் C0040.

முதல் வேலை எண்ணை அழிப்பதில்லை. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நேரலையாகப் பார்ப்பது. நெரிசலில்லாத நேரான சாலையில் ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். வளைவில் உள், வெளிச் சக்கரங்களின் வேகம் இயல்பாகவே வேறுபடும் என்பதால் நேர்சாலை அவசியம். இந்தக் காரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நான்கும் ஒத்துப்போகின்றன. மெதுவாக்கும்போது 12-ஐ நெருங்கியதும் வலது முன்சக்கரம் மட்டும் தடுமாறிச் சுழியத்துக்கு விழுகிறது. அறுந்த ஒயர் இப்படி வேகம் பார்த்து நடக்காது. துடிப்பு மெலிந்திருக்கிறது என்பது இங்கேயே ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது.

காரை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வைத்து நிறுத்தி, இரு முன் சென்சார்களின் கனெக்டரையும் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடை பார்க்கப்படுகிறது. சுருள் வகைக்கு 800 முதல் 2,500 ஓம் வரை பொதுவான அளவு. இங்கே இடது 1,150, வலது 1,180. இரண்டும் நலம். புதுச் சென்சார் வாங்கியது தேவையில்லாத செலவு என்பது இந்த அளவிலேயே தெரிகிறது. அடுத்து மீட்டரை மாறுமின்னழுத்தத்துக்கு மாற்றி, சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுழற்றினால், இடதில் 0.35 வோல்ட் நிலையாக நிற்கிறது. வலதில் 0.1 வோல்ட்தான், அதுவும் ஏறி இறங்குகிறது. இப்படி ஒரே காரின் இரு பக்கத்தையும் ஒப்பிடுவது புத்தகத்தில் உள்ள அளவைத் தேடுவதைவிட நம்பகமானது. இந்த ஓம் சோதனையைப் புதிய வகைச் சென்சாரில் செய்யக் கூடாது. உள்ளே மின்னணுச் சில்லு இருப்பதால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. மீட்டர் தரும் மின்னோட்டம் சில்லைக் கெடுக்கவும் கூடும்.

சென்சாரைக் கழற்றும்போது அது எளிதில் வருவதில்லை. துருவில் இறுகிய சென்சாரைத் திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடல் உடைந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் தெளித்துக் காத்திருந்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்து எடுப்பதே வழி. வெளியே வந்ததும் முனையில் இரும்புத்தூள். சென்சார் உட்காரும் பரப்பிலோ துரு மேடிட்டிருக்கிறது. முன்பு சென்சாரை மாற்றியவர் அந்தத் துருவின் மேலேயே புதியதை இருத்தி போல்ட்டை முடுக்கியிருக்கிறார். பித்தளைத் தகட்டால் அளந்தபோது இடது பக்கம் 0.8 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி வலது பக்கம் 1.4 ஆக இருந்தது. உருக்குத் தகடு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால்தான் பித்தளை. டார்ச் அடித்து வளையத்தைச் சுற்றிப் பார்த்தால் கால்வாசிப் பற்களுக்கிடையே சேறு இறுகிக் கிடக்கிறது. மீட்டர் ஏறி இறங்கியதற்குக் காரணம் இதுவே.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. பல்லிடுக்குச் சேற்றை நைலான் தூரிகையால் ஒவ்வொன்றாகச் சுரண்டி, பிரேக் கிளீனர் தெளித்து, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி முழு வளையத்தையும் பார்க்க வேண்டும். கெட்டித் துருவுக்குக் கம்பித் தூரிகை பயன்படுத்தலாம். கிரைண்டரோ அரமோ வைத்தால் பல்லின் விளிம்பு மழுங்கும். பக்கத்திலுள்ள டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் கிழியாமலும், பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்சார் உட்காரும் பரப்பைத் துரு நீக்கி வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, மெல்லிய துருத்தடுப்புப் பூச வேண்டும். காந்தமேற்றிய வளையமாக இருந்தால் தூரிகையே ஆகாது. மென்மையான துணியால் இரும்புத்தூளைத் துடைத்தெடுப்பதோடு நிறுத்த வேண்டும். அதன் அருகே காந்த முனையுள்ள கருவி எதையும் கொண்டுபோகக் கூடாது, அதில் பதிந்திருக்கும் காந்தக் கோலமே அழிந்துவிடும்.

இந்தக் காரில் மறுபடி பூட்டிச் சுழற்றியதும் 0.33 வோல்ட் நிலையாக வந்தது. வராமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் சரிவு தொடர்ந்திருந்தால் வளையம் வெடித்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் மேல் இறுக்கமாக ஏற்றிய வளையத்துக்கு அடியில் துரு பிடித்தால், துரு பருமனாகி வளையத்தை உள்ளிருந்து நெட்டித்தள்ளி முடிபோன்ற ஒரு கோடாகப் பிளந்துவிடும். அந்த இடத்தில் இரு பற்களுக்கிடையே தூரம் கூடுவதால் ஒரு துடிப்பு தாமதமாக வரும். பெட்டிக்கு அது ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் ஒரு கணம் தயங்குவதாகத் தெரியும். வெடித்த வளையத்தைப் பசையாலும் பற்றவைப்பாலும் சரிசெய்ய முடியாது. பல கார்களுக்கு வளையம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. பழையதை வெட்டி எடுத்து, அடியிலுள்ள துருவை முழுக்க நீக்கி, புதியதைச் சூடேற்றி விரியவைத்து நேராக ஏற்ற வேண்டும். பல் எண்ணிக்கை சரியாக அதே இருக்க வேண்டும். 48-க்குப் பதில் 44 பல் ஏறினால் அந்தச் சக்கரம் எப்போதுமே மெதுவாக ஓடுவதாகப் பெட்டி நம்பும். மாற்று டிரைவ் ஷாஃப்ட் வாங்கி மாட்டியபின் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கினால் முதலில் பற்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. சில மாற்று ஷாஃப்டுகளில் வளையமே இருக்காது.

பேரிங் மாற்றியபின் விளக்கு எரிவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். திருப்பி ஏற்றிவிட்டால் சக்கரம் அருமையாகச் சுழலும், ஆனால் சென்சாருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. ஏற்றும் முன் காந்தப்புலத்தைக் காட்டும் பச்சைநிற அட்டையை இரு பக்கமும் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கத்தில் கோடுகள் தெரிகின்றனவோ அது சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். தேய்ந்து ஆட்டம் கண்ட பேரிங்கும் வளையத்தையும் சென்சாரையும் நெருக்கியும் விலக்கியும் துடிப்பைக் குலைக்கும். அந்த நிலையில் எவ்வளவு சுத்தம் செய்தாலும் விளக்கு திரும்பும்.

வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பி, விளக்கு இன்னும் எரிவதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. பல கார்களில் பெட்டி, பழுதான சக்கரத்திலிருந்து நல்ல துடிப்பு வருவதை ஓட்டத்தில் ஒருமுறை கண்ட பிறகே விளக்கை அணைக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிச் சற்றுத் தூரம் ஓட வேண்டியிருக்கும். சிலவற்றில் ஸ்கேனரால் எண்ணை அழித்தால்தான் அணையும். டிராக்‌ஷன் கட்டுப்பாடு, நிலைப்புக் கட்டுப்பாடு போன்றவையும் இதே வேகச் செய்தியை நம்பியிருப்பதால், உடன் எரிந்த அவற்றின் விளக்குகளும் அப்போதே அணையும். பிறகு நேரலை வேகத்தைத் திரையில் பார்த்தபடி, ஆளில்லாச் சாலையில் மெல்ல மிதித்து முழுதாக நிற்கும்வரை வர வேண்டும். நான்கு எண்களும் கடைசிவரை ஒன்றாக இறங்க வேண்டும். மின்தடை, மின்னழுத்தம், இடைவெளி, வளையம் எல்லாம் சரியாக இருந்தும் அதே சக்கரத்தின் எண் திரும்பினால், ஸ்டீயரிங்கை முழுதாக இருபுறமும் திருப்பி, ஒயரை அசைத்துக்கொண்டே அதன் தொடர்ச்சியைச் சோதிக்க வேண்டும். சக்கரம் திரும்பும்போது இழுபடும் இடத்தில் உறைக்குள் கம்பி அறுந்திருப்பது வெளியே தெரியாது. அதிலும் குறையில்லை என்றானபின்தான் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சந்தேகிக்கலாம்.